ஒரே கம்பெனி, ஒரே மின்சாரம். லாபம் மட்டும் எப்படி இடம் மாறுது?

ஒரு கம்பெனிக்கு இரண்டு டிவிஷன். ஒன்று மின்சாரம் தயாரிக்கிறது. இன்னொன்று அந்த மின்சாரத்தை வாங்கி ஸ்டீல் உருக்குகிறது. வலது பாக்கெட்டில் இருந்து இடது பாக்கெட்டுக்குப் பணம் போகிறது, அவ்வளவுதானே! இதற்கு என்ன விலை போட்டால் என்ன?

ஜிந்தால் ஸ்டீல் அண்ட் பவர் நிறுவனத்துக்கும் வருமான வரித்துறைக்கும் நடந்த வழக்கு இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். 2001-02 மதிப்பீட்டு ஆண்டுக் கணக்கில் தொடங்கிய சண்டை, 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது.

நிறுவனம் தன் சொந்த ஆலைகளுக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ரூ.3.72 என்று கணக்கு எழுதியது. மின்வாரியம் தொழிற்சாலைகளிடம் வாங்கும் கட்டணமும் அதுதான். ஆனால் உபரி மின்சாரத்தை அதே வாரியத்துக்கு விற்றபோது கிடைத்தது ரூ.2.32. “சரியான விலை 2.32தான்” என்றது வரித்துறை.

இந்த ரூ.1.40 வித்தியாசம் என்ன செய்யும்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மின்சார டிவிஷன் 10 கோடி யூனிட்டை ஸ்டீல் பக்கம் அனுப்புகிறது. தயாரிப்புச் செலவு யூனிட்டுக்கு ரூ.2. மின்கட்டணத்தைக் கழிக்கும் முன் ஸ்டீல் டிவிஷனின் லாபம் ரூ.50 கோடி.

விலை 3.72 என்றால் மின்சார டிவிஷனுக்கு ரூ.17.2 கோடி லாபம், ஸ்டீலுக்கு ரூ.12.8 கோடி. விலை 2.32 என்றால் மின்சாரத்துக்கு ரூ.3.2 கோடி, ஸ்டீலுக்கு ரூ.26.8 கோடி. இரண்டிலும் கூட்டினால் அதே ரூ.30 கோடிதான். ஒரு ரூபாய்கூட புதிதாக வரவில்லை. ஆனால் யாருக்கு நல்ல பெயர், யாருக்கு போனஸ் என்பது தலைகீழாக மாறிவிட்டது.

வரித்துறைக்கு ஏன் கோபம்?

அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏ பிரிவில், மின் உற்பத்தி லாபத்துக்குக் குறிப்பிட்ட காலம் வரை வரிச்சலுகை இருந்தது. நம் கணக்கில் அந்த லாபம் முழுக்க வரிவிலக்கு, மற்றதற்கு 35% வரி என்று வைத்துக்கொள்வோம். 3.72 விலையில் வரி ரூ.4.48 கோடி. 2.32 விலையில் ரூ.9.38 கோடி. டிவிஷன்களுக்கு அலட்டிக்கொள்ளாத மொத்த லாபம், வரி கட்டும்போது அலட்டிக்கொள்கிறது!

உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. அன்றைய சட்டப்படி உபரி மின்சாரத்தை வாரியத்துக்குத்தான் விற்க முடியும். பேரம் பேச வழியில்லை. அப்படிக் கிடைத்த விலையைச் சந்தை விலை என்று சொல்ல முடியாது. சொந்த மின்நிலையம் இல்லையென்றால் ஸ்டீல் ஆலை 3.72 கொடுத்துதானே வாங்கியிருக்கும் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

இது வரிச் சட்டத்தின் பதில். மேனேஜர்களுக்கு இது போதாது. உள்ளே தராமல் விட்டால் மின்சார டிவிஷனுக்கு 2.32 கிடைக்கும், அதுதான் அது ஏற்கக்கூடிய குறைந்தபட்ச விலை. வெளியே வாங்கினால் ஸ்டீலுக்கு 3.72 ஆகும்; அதுதான் உச்ச வரம்பு. ஆக, கோர்ட்டில் மோதிய இரண்டு விலைகளுமே நியாயமான எல்லைக்கோடுகள்தான். நடுவில் உள்ள 1.40, இரண்டும் ஒரே கம்பெனியாக இருப்பதால் கிடைக்கும் மிச்சம். அதை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் உண்மையான சண்டை.

விலை தப்பினால் என்ன ஆகும்?

இன்றைய ஓப்பன் ஆக்சஸ் முறையில் ஒரு தனியார் நிறுவனம் எல்லாக் கட்டணமும் சேர்த்து ரூ.3.20-க்கு மின்சாரம் தர வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்விலை இன்னும் 3.72-லேயே நிற்கிறது. ஸ்டீல் மேனேஜர் என்ன செய்வார்? வெளியேதான் வாங்குவார். அவர் லாபம் ரூ.12.8 கோடியிலிருந்து ரூ.18 கோடியாக ஏறும். அவருக்குக் கைதட்டல்.

ஆனால் மின்சார டிவிஷன் அந்த 10 கோடி யூனிட்டை 2.32-க்குத் தள்ள வேண்டும். அதன் லாபம் ரூ.3.2 கோடியாகச் சுருங்கும். கம்பெனியின் மொத்தம் ரூ.30 கோடியிலிருந்து ரூ.21.2 கோடி! மேனேஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அவருக்குக் கொடுத்த விலைதான் தப்பு. வெளியே 3.20 வந்த அன்றே உள்விலையின் உச்ச வரம்பும் 3.20-க்கு இறங்கியிருக்க வேண்டும்.

பங்கு வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆண்டறிக்கையில் ‘செக்மென்ட்’ குறிப்பைத் திறந்து, டிவிஷன்களுக்குள் நடந்த விற்பனை எவ்வளவு, அது எந்த அடிப்படையில் விலை போடப்பட்டது என்ற வரிகளைத் தேடுங்கள். ஒரு டிவிஷனின் வருமானத்தில் பெரும்பகுதி உள்விற்பனை என்றால், அதன் லாப சதவீதத்தை வெளிச்சந்தையில் விற்கும் போட்டி நிறுவனத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். விலை போடும் அடிப்படை இந்த வருடம் மாறியிருந்தால், போன வருட எண்ணோடும் ஒப்பிட முடியாது.