செல் பிரிவும் சொல் தெரிவும்
ஆசிரியர்க்கு ஓர் இருமொழிச் சொற்பட்டி

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியாக உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர், செல் பிரிவு என்னும் பாடத்தை எடுத்துக்கொள்ளும்போது இருவகைச் சொற்களை ஒருங்கே கையாள வேண்டியவராகின்றார். ஒருபுறம் மைட்டாசிஸ், குரோமோசோம் போன்ற உலகப் பொதுச் சொற்கள்; மறுபுறம் அவற்றிற்கு ஈடாகப் பாடநூல்களிலும் அகராதிகளிலும் வழங்கும் தமிழ்ச் சொற்கள். இவ்விரண்டையும் எதிரெதிரே எழுதி வைத்தால் இருமொழிச் சொற்பட்டி ஆகிவிடும் என்று பலர் எண்ணுவர். அகராதிக்கு அது போதும், வகுப்பறைக்குப் போதாது. ஒரு தமிழ்ச் சொல், அறிவியல் நூலுக்கு வெளியே மாணவன் காதில் என்ன பொருள் தருகிறது என்பதையும் ஆசிரியரின் சொற்பட்டி குறித்து வைத்தல் வேண்டும். அவ்வாறு குறிக்காவிடில் எங்ஙனம் பிழை நேரும் என்பதைச் செல் பிரிவுப் பாடம் ஒன்றைக் கொண்டே இக்கட்டுரையில் காண்போம்.

பெயரின் பிறப்பு

செல்லின் உட்கருவில் சாயம் ஏற்றி, அதில் நூல்போன்ற இழைகள் தோன்றுவதையும் அவை நெடுக்குவாட்டில் பிளந்து பிரிவதையும் விரிவாக ஆராய்ந்தவர் செருமானிய அறிஞர் வால்டர் ஃபிளெம்மிங். அவர் 1882ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சிக்கு மைட்டாசிஸ் என்று பெயரிட்டார். நூல் அல்லது இழை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இப்பெயரின் வேர். உட்கரு நேரே இரண்டாக அறுபடாமல், இழைகளாக மாறிப் பின்னர்ப் பிரிவதால் அதனை மறைமுகப் பிரிவு என்றும் அக்காலத்தார் அழைத்தனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கிவரும் மறைமுகப் பிரிவு என்னும் சொல் இவ்வழி வந்ததே. இலங்கைத் தமிழ் நூல்களோ இழையுருப் பிரிவு என்று கிரேக்க வேரையே தமிழாக்கிக்கொண்டன.

இரண்டும் முறையான ஆக்கங்களே. எனினும் மறைமுகம் என்றவுடன் மறைமுக வரியையும் மறைமுகத் தேர்தலையும் நினைக்கும் மாணவன், இப்பிரிவு கண்ணுக்குப் புலனாகாமல் ஒளிவாக நடப்பது என்று கருதிவிடக்கூடும். உண்மையில் செல்லின் வாழ்நாளில் நுண்ணோக்கிக்கு மிகத் தெளிவாகத் தெரியும் நிகழ்ச்சி இதுவே. ஆகவே இச்சொல்லைப் பயன்படுத்தும் ஆசிரியர், எதனோடு ஒப்பிட்டு மறைமுகம் எனப்பட்டது என்பதை ஒரு வரியில் விளக்கிவிட்டே மேற்செல்லுதல் நலம். இழையுருப் பிரிவு என்பதை அருகில் எழுதிக் காட்டினால் விளக்கம் பாதி முடிந்துவிடும்.

இடையும் நடுவும்

செல் பிரிவின் நிலைகளுக்குப் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்னும் பெயர்களை 1884இல் ஸ்ட்ராஸ்பர்கர் என்னும் தாவரவியலார் வழங்கினார். டீலோஃபேஸ் என்பது 1894இல் ஹைடன்ஹைன் என்பவரால் சேர்க்கப்பட்டது. இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலம் இன்டர்ஃபேஸ் எனப்படும்.

தமிழாக்கத்தில் இன்டர்ஃபேஸ் இடைநிலை என்றாகிறது. மெட்டாஃபேஸோ, குரோமோசோம்கள் செல்லின் நடுத்தளத்தில் அணிவகுப்பதால், நடுநிலை அல்லது மையநிலை என்றாகிறது. தமிழில் இடை என்பதும் நடு என்பதும் ஏறக்குறைய ஒரு பொருளன. விளைவு என்ன? மாணவன் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, முதல்நிலைக்கும் இறுதிநிலைக்கும் நடுவே இன்டர்ஃபேஸை வைத்துவிடுகின்றான். ஆங்கிலத்தில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. தமிழாக்கமே இதனைப் பிறப்பிக்கிறது.

இன்டர்ஃபேஸுக்கு ஓய்வுநிலை என்னும் பழைய பெயரும் உண்டு. அப்பெயர் இன்று விலக்கத்தக்கது. செல் அந்நேரத்தில் ஓய்ந்திருப்பதில்லை. ஹோவர்டு, பெல்க் என்னும் இருவர் அவரை இனத்தைச் சார்ந்த ஒரு செடியின் வேர்களைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொண்டு ஆராய்ந்து, டி.என்.ஏ. இரட்டிப்பது இன்டர்ஃபேஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலேயே என்று 1953இல் வெளியிட்டனர். பிரிவுக்கு வேண்டிய முதன்மையான பணி முடிந்த பின்னரே புரோஃபேஸ் தொடங்குகிறது. ஓய்வுநிலை என்று கற்ற மாணவனுக்கு டி.என்.ஏ. எப்போது இரட்டித்தது என்னும் வினா விடையின்றியே நின்றுவிடும்.

இலங்கை நூல்களில் மெட்டாஃபேஸ் அனுவவத்தை எனவும், அனாஃபேஸ் மேன்முக அவத்தை எனவும் வழங்கும். அனு என்பது பின் என்றும், மேன்முகம் என்பது மேல்நோக்கியது என்றும் பொருள்பட்டுக் கிரேக்க முன்னொட்டுகளை அப்படியே தருகின்றன. நடுநிலை என்னும் ஆக்கம் நுண்ணோக்கியில் காணும் காட்சியைத் தருகிறது; அனுவவத்தை என்பது சொல்லின் மூலத்தைத் தருகிறது. அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: அனு என்பதை அணு என்று கேட்டு எழுதும் மாணவன், அணுவோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என எண்ணிவிடுவான்.

நாம் பரிந்துரைப்பது இது. நிலைகளின் பெயர்களை ஒலிபெயர்ப்பிலேயே நிறுத்திக்கொண்டு, தமிழை ஒரு சொல்லாகச் சுருக்காமல் ஒரு சிறு தொடராகத் தருதல் வேண்டும். மெட்டாஃபேஸ்: குரோமோசோம்கள் நடுத்தளத்தில் அணிவகுக்கும் நிலை. இன்டர்ஃபேஸ்: பிரிவு நிகழாத வளர்காலம். இவ்வாறு எழுதினால் இடையும் நடுவும் மோதா.

கதிர் என்னும் சொல்

குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் ஈர்த்துச் செல்லும் இழைத்தொகுதிக்கு ஆங்கிலத்தில் ஸ்பின்டில் என்று பெயர். நூல் நூற்கும் கதிர் இருமுனையும் கூம்பி நடுவில் பருத்திருப்பதைக் கண்டு இட்ட பெயர் அது. தமிழில் கதிர்க்கோல் இழை, கதிர் இழை என்கிறோம். இராட்டையும் தக்ளியும் வீட்டில் புழங்கிய தலைமுறைக்கு இச்சொல் படமாகவே விளங்கியிருக்கும். இன்றைய மாணவனோ கதிர் என்றால் சூரியக் கதிரையும் நெற்கதிரையும் கதிரியக்கத்தையுமே அறிவான். ஒளியோ கதிர்வீச்சோ குரோமோசோமைத் தள்ளுவதாக அவன் எழுதினால் குற்றம் அவனுடையதன்று. ஒரு தக்ளியை, நூல் சுற்றிய நிலையில், வகுப்பிற்குக் கொண்டுசெல்வதே இச்சொல்லுக்குச் சிறந்த பொருள்விளக்கம்.

எண்ணிப் பார்த்தல்

இனி, சொற்பிழை எவ்வாறு கணக்குப்பிழையாக முதிர்கிறது என்பதை வெங்காய வேர்நுனியைக் கொண்டு காண்போம். நீர் நிறைந்த குவளையின் வாயில் வெங்காயத்தை வைத்தால் சில நாள்களில் வேர்கள் இறங்கும். வேர்நுனிகளை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தில் ஆல்ககாலும் கலந்த நீர்மத்தில் ஒரு நாள் இட்டுவைத்து, பின்னர் அசிட்டோகார்மைன் சாயமேற்றி, மெல்லச் சூடாக்கி, கண்ணாடி வில்லையின்மேல் நசுக்கிப் பார்ப்பது வழக்கமான முறை. வெங்காயத்தின் உடற்செல்லில் குரோமோசோம்கள் 16.

இன்டர்ஃபேஸில் டி.என்.ஏ. இரட்டித்தது. ஆயினும் குரோமோசோம்களின் எண்ணிக்கை 16 ஆகவே நிற்கிறது. ஏனெனில், இரட்டித்த இரு படிகளும் சென்ட்ரோமியர் என்னும் இடத்தில் இணைந்தே உள்ளன. அவ்விரு படிகளில் ஒவ்வொன்றும் குரோமாட்டிட். ஆகவே மெட்டாஃபேஸில் குரோமோசோம் 16, குரோமாட்டிட் 32. அனாஃபேஸில் இணைப்பு விடுபட்டவுடன் ஒவ்வொரு குரோமாட்டிட்டும் தனிக் குரோமோசோம் என்னும் பெயரைப் பெறுகிறது. அந்நொடியில் செல்லுக்குள் 32 குரோமோசோம்கள், முனைக்கு 16. டீலோஃபேஸில் அமையும் இரண்டு உட்கருக்களிலும் பதினாறு பதினாறு.

குரோமாட்டிட் என்பதற்குக் குரோமோசோமின் பாதி என்று பொருள் எழுதிவிட்டால், இக்கணக்கு குலைகிறது. பாதிகள் பிரிந்து செல்கின்றன என்று படித்தவன், சேய்ச் செல்லுக்குப் பாதிதான் கிடைத்தது என்று முடிவு கட்டி 8 என்று விடை எழுதுவான். எட்டு என்பது குன்றல் பிரிவின் முடிவில், அதாவது மியாசிஸில், இனச்செல்லுக்கு உரிய எண். ஆகவே விடைத்தாளில் 8 என்று கண்டால், மாணவன் கவனக்குறைவாக எழுதினான் என்று ஆசிரியர் கொள்ளலாகாது. பாதி என்னும் சொல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளுதல் வேண்டும். படி என்னும் சொல் இங்குப் பொருந்தும். ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதிய படி மூலத்தின் பாதியன்று, முழுமையான மற்றொன்று.

இதற்கு இணையான இன்னொரு மயக்கம் இருமயம், இரட்டித்தல் என்னும் சொற்களில் உண்டு. இருமயம் என்பது டிப்ளாய்டு. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு தொகுதிகள் இருத்தல். இரட்டித்தல் என்பது உள்ளதொன்றைப் படியெடுத்தல். டி.என்.ஏ. இரட்டித்த செல் அதனால் இருமயமாக ஆவதில்லை. வெங்காயத்தின் உடற்செல் முன்னரே இருமயம்.

சொற்பட்டி

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், பாடக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிவைக்கத்தக்க பட்டி பின்வருமாறு அமையும்.

மைட்டாசிஸ் – மறைமுகப் பிரிவு, இழையுருப் பிரிவு. மறைமுகம் என்பது ஒளிவன்று.

மியாசிஸ் – குன்றல் பிரிவு, ஒடுக்கற்பிரிவு. மைட்டாசிஸ் என்பதனோடு ஒலியால் மயங்குவது. ஆகவே வகுப்பில் தமிழ்ச் சொல்லே முந்துக.

இன்டர்ஃபேஸ் – பிரிவு நிகழாத வளர்காலம். ஓய்வுநிலை என்னற்க.

மெட்டாஃபேஸ் – நடுத்தளத்தில் அணிவகுக்கும் நிலை. இடைநிலை என்னற்க.

அனாஃபேஸ் – முனைகளை நோக்கி விலகும் நிலை.

குரோமோசோம் – நிறமூர்த்தம். இயல்பில் நிறமற்றது; சாயத்தை ஏற்பதால் 1888இல் வால்டேயர் இட்ட பெயர்.

குரோமாட்டிட் – இணைந்திருக்கும் இரு படிகளுள் ஒன்று. பாதி என்னற்க.

ஸ்பின்டில் – கதிர்க்கோல். நூற்கும் கதிர், ஒளிக்கதிர் அன்று.

டிப்ளாய்டு – இருமயம். இரட்டித்தலின் வேறு.

இப்பட்டி சரியாக வேலை செய்ததா என்பதை அறிய ஒரு சோதனை போதும். நிலைகளின் பெயர்களை எழுதாமல் படங்களை மட்டும் கலைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் குரோமோசோம் எத்தனை, குரோமாட்டிட் எத்தனை என்று எழுதச் சொல்லலாம். பெயரை மனப்பாடம் செய்தவன் அங்கே நின்றுவிடுவான். பொருளை உணர்ந்தவன் எண்ணிச் சொல்வான். எந்தப் படத்தில் பலர் ஒரே வகையாகத் தவறுகின்றனரோ, அந்த நிலைக்குரிய சொல்லைப் பட்டியில் திருத்தி எழுதுதல் வேண்டும். ஆண்டுதோறும் அவ்வாறு திருத்தம் பெறும் சொற்பட்டியே ஆசிரியர்க்கு உரிய சொற்பட்டியாகும்.