மின்தூக்கி முறையில் வட்டு அட்டவணையிடல்

நிலைவட்டில் தரவுகள், சுழலும் தட்டின்மீது ஒன்றையொன்று சூழ்ந்தமைந்த வட்டத் தடங்களில் பதியப்படுகின்றன. அவற்றைப் படிக்கவும் எழுதவும் உதவும் முனை, நகரும் கரம் ஒன்றின் நுனியில் பொருத்தப்பட்டுள்ளது. தொலைவிலுள்ள தடத்தை முனை சென்றடையச் சில மில்லிநொடிகள் ஆகும். அதற்குள் செயலி பல இலட்சம் கட்டளைகளை முடித்துவிடும். எனவே, காத்திருக்கும் கோரிக்கைகளை எவ்வரிசையில் நிறைவேற்றுவது என்பதை இயக்க அமைப்பு திட்டமிடுகிறது.

ஒரு வட்டில் 0 முதல் 199 வரை எண்ணிடப்பட்ட தடங்கள் உள்ளன எனவும், முனை 50ஆம் தடத்தில் நிற்கிறது எனவும் கொள்வோம். 95, 20, 170, 35, 120, 60 ஆகிய தடங்களுக்கான கோரிக்கைகள் இவ்வரிசையில் வருகின்றன. வந்த வரிசையிலேயே அவற்றை நிறைவேற்றினால், முனை இங்குமங்கும் அலைந்து 45 + 75 + 150 + 135 + 85 + 60 = 550 தடங்களைக் கடக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள தடத்தையே தேர்ந்தெடுத்தால் வரிசை 60, 35, 20, 95, 120, 170 என அமையும். கடக்கும் தொலைவு 200 தடங்களாகக் குறையும். ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. 20ஆம் தடத்தின் அருகே புதிய கோரிக்கைகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் முனை அங்கேயே தங்கிவிடும். 170ஆம் தடத்திற்கான கோரிக்கை முடிவின்றிக் காத்திருக்க நேரிடும்.

மின்தூக்கி இவ்வாறு இயங்குவதில்லை. மேலே செல்லும்போது வழியிலுள்ள தளங்களில் நின்று, அத்திசையில் அழைப்புகள் முடிந்த பின்னரே கீழே திரும்புகிறது. முனையும் அவ்வாறே 60, 95, 120, 170 எனச் சென்று, பின்னர்த் திரும்பி 35, 20 ஆகிய தடங்களை அடைகிறது. கடக்கும் தொலைவு 120 + 150 = 270 தடங்கள். முந்தைய முறையைவிட இது 70 தடங்கள் கூடுதல். எனினும் முனை ஒரு திசையிலேயே முன்னேறுவதால் தொலைவிலுள்ள கோரிக்கையும் தனக்குரிய முறையைப் பெறுகிறது. கோரிக்கை இல்லாவிடினும் 199ஆம் தடம்வரை சென்று திரும்பும் வகையும் உண்டு. அதில் தொலைவு 149 + 179 = 328 தடங்களாகும்.

இம்முறையிலும் காத்திருப்பு எல்லாத் தடங்களுக்கும் சமமாக அமைவதில்லை. முனை 170இல் திரும்பிய உடனே 175ஆம் தடத்திற்குக் கோரிக்கை வந்தால், முனை 20 வரை சென்று மீள வேண்டும். அதுவரை 150 + 155 = 305 தடங்களின் பயணத்திற்கு அக்கோரிக்கை காத்திருக்கும். நடுத் தடங்களோ ஏறத்தாழச் சீரான இடைவெளியில் முனையின் வருகையைப் பெறுகின்றன. இவ்வேறுபாட்டைக் குறைக்கவே சுழல்முறை தோன்றியது. அதில் முனை ஒரு திசையில் செல்லும்போது மட்டுமே கோரிக்கைகளை நிறைவேற்றும். இறுதியை அடைந்ததும் இடையில் நில்லாமல் தொடக்கத்திற்கு மீளும்.

திண்மநிலை வட்டில் நகரும் முனை இல்லை. ஆதலால் முனையின் பயணத்தைக் குறைக்கும் இவ்வரிசைமுறை அங்குத் தேவைப்படுவதில்லை.