பொருந்தாத எழுத்தில் என்ன செய்வது?

நீளமான ஓர் உரைக்குள் aabaaab என்ற சரத்தைத் தேடுகிறோம். முதல் ஐந்து எழுத்துகள் பொருந்திவிட்டன, ஆறாவது பொருந்தவில்லை. எளிய தேடல்முறை அந்த ஐந்தையும் மறந்துவிட்டு, உரையில் ஓர் இடம் மட்டும் தள்ளி, மறுபடி முதலிலிருந்து ஒப்பிடும். உரையில் n எழுத்தும் சரத்தில் m எழுத்தும் இருந்தால், ஒப்பீடுகள் n × m வரை போய்விடலாம். இத்தனைக்கும், பொருந்திய ஐந்தும் aabaa என்பது நமக்குத் தெரியும். அதை அறிய உரைக்குத் திரும்பிப் போகவே வேண்டாம்.

1969 கோடையில் ஜேம்ஸ் மாரிஸ் ஓர் உரைத்தொகுப்பியை எழுதியபோது, உரையில் பின்னோக்கிப் போகாமலே தேடும் வழியைக் கண்டுபிடித்தார். நிரல் மற்றவர்களுக்குப் புரியவில்லை. சில மாதங்களில் யார் யாரோ அதைத் 'திருத்தி'ச் சிதைத்துவிட்டார்கள். பின்னர் டொனால்ட் நூத், வான் பிராட் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1977-இல் வெளிவந்தது. அன்று புரியாமல் போன முறையின் கடினமான பகுதி, முன்னொட்டுச் சார்பு என்ற சிறிய அட்டவணைதான். தேர்விலும் மாணவர்கள் அதில்தான் தடுமாறுகிறார்கள்.

சரத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி: இதுவரை வந்த துண்டின் தொடக்கமாகவும் முடிவாகவும் ஒருங்கே அமையும் மிக நீளமான பகுதிக்கு எத்தனை எழுத்து? முழுத் துண்டையே விடையாகச் சொல்லக்கூடாது. aabaa என்பதற்கு விடை 2. இரு முனையிலும் aa இருக்கிறது. இடங்களை 0-இலிருந்து எண்ணினால் முழு அட்டவணை இது:

```
i   0 1 2 3 4 5 6
p   a a b a a a b
pi  0 1 0 1 2 2 3
```

இதில் கவனித்துப் படிக்க வேண்டியது இடம் 5. அதற்கு முந்தைய விடை 2. இப்போது வந்திருக்கும் எழுத்து a. தொடக்கத்து aa-வை நீட்ட அடுத்து b வந்திருக்க வேண்டும், வரவில்லை. உடனே 0-க்கு ஓடிவிடக்கூடாது. aabaa-வின் இரு முனையிலும் வரக்கூடிய, aa-வைவிடச் சிறிய துண்டு ஏதாவது இருக்குமா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால், அது முன்முனையில் உள்ள aa-வின் தொடக்கமாக இருக்கும். பின்முனையில் உள்ள aa-வின் முடிவாகவும் இருக்கும். அதாவது aa என்ற துண்டுக்கு நாம் கேட்ட அதே கேள்வியின் விடை அது. அந்த விடை pi[1]-இல் ஏற்கெனவே எழுதியிருக்கிறது: 1. இனி p[1]-ஐ ஒப்பிடுகிறோம். a-வும் a-வும் பொருந்துகின்றன, விடை 2 ஆகிறது. அட்டவணை தன்னையே வாசித்துத் தன்னை நிரப்பிக்கொள்கிறது. நிரலின் while வரி செய்வது இதைத்தான்:

```
pi = [0] * m
k = 0
for i in range(1, m):
    while k > 0 and p[i] != p[k]:
        k = pi[k-1]
    if p[i] == p[k]:
        k += 1
    pi[i] = k
```

k = pi[k-1] என்பதற்குப் பதிலாக k = k-1 என்று எழுதினாலும் மேலே உள்ள சரத்துக்குச் சரியான விடையே கிடைக்கும். அதை நம்ப வேண்டாம். abacabaa-வில் போட்டுப் பாருங்கள்: கடைசி இடத்துக்கு அது 3 என்று சொல்லும். தொடக்கம் aba, முடிவு baa. உண்மையான விடை 1. பாடநூல்கள் சில இடங்களை 1-இலிருந்து எண்ணுகின்றன; அவற்றில் இந்த வரி k = pi[k] என்று இருக்கும். இரண்டையும் கலந்தால் விடை கெட்டுவிடும்.

for-க்குள் while இருப்பதால் இதை m² என்று மதிப்பிட்டுவிடுவோர் உண்டு. k-வை ஓர் உண்டியலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு i-க்கும் அதில் அதிகபட்சம் ஒரு ரூபாய் விழுகிறது. while ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு ரூபாயை எடுக்கிறது. போட்டதற்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே மொத்தப் பின்வாங்கல்கள் m-ஐத் தாண்டா. ஓர் இடத்தில் பல பின்வாங்கல்கள் நேரலாம், ஆனால் எல்லா இடங்களிலும் நேர முடியாது. விடைத்தாளில் இந்த வாதத்தை எழுதாமல் 'நேரியல்' என்று மட்டும் எழுதினால் அது நிரூபணம் ஆகாது. உரையைத் தேடும்போதும் இதே கணக்குதான். இரண்டும் சேர்ந்து n + m அளவில் முடிகிறது.

பொருந்தாதபோது 0-க்கே போய்விடும் பிழையான நிரல் இடம் 5-இல் 1, இடம் 6-இல் 0 என்று எழுதும். விளைவு தேடலில் தெரியும். aabaaabaaab என்ற உரையில் நம் சரம் இரண்டு முறை இருக்கிறது: இடம் 0-இல் ஒன்று, இடம் 4-இல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மூன்று எழுத்துகள் பொது. சரியான அட்டவணையோடு தேடினால், முதல் பொருத்தம் கிடைத்ததும் k = 3 என்று தொடர்ந்து இரண்டாவதையும் பிடிக்கும். பிழையான அட்டவணையோ, பொதுவான aab-ஐத் தூக்கியெறிந்துவிட்டு இடம் 7-இலிருந்து புதிதாகத் தொடங்கி, ஒன்றை மட்டுமே காட்டும்.