விடைத்தாள் திருத்தும் வேலையா? மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள்

திகாம் பத்து, சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் பட்டம் முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வரலாம்: "வீட்டிலிருந்தே விடைத்தாள் திருத்தலாம், ஒரு தாளுக்கு 1.50 ரிங்கிட்." வேலை உண்மையானதாகவே இருந்தாலும் முதலில் கணக்குப் போடுங்கள்.

ஒரு கட்டுரையைப் படித்து, புள்ளியிட்டு, இரண்டு வரி கருத்து எழுதப் பத்து நிமிடமாவது பிடிக்கும். 40 தாளுக்கு 60 ரிங்கிட், நேரம் 6 மணி 40 நிமிடம். மணிக்கு 9 ரிங்கிட் என்றால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு மணி நேரப் பயிற்சிக்குக் காசு இல்லை, நான்கு தாள் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது 54 ரிங்கிட், உழைத்தது 8 மணி 40 நிமிடம். மணிக்கு 6.23 ரிங்கிட்தான். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. துண்டு வேலை எல்லாவற்றையும் அந்தச் சட்டம் காக்காது. ஆனாலும் பேரம் பேச அதுவே நல்ல அளவுகோல். கேள்வி தயாரிக்கும் வேலையிலும் இதே கதைதான். எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. "வரப்போகும் தேர்வுத் தாள் இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். 2014-இல் யுபிஎஸ்ஆர் தாள்கள் கசிந்தபோது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தமிழ்மொழித் தாளையும் மறுபடி எழுத நேர்ந்தது. ஆசிரியர்கள் சிலர் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் ஏறினார்கள். அரசுப் பணியிலுள்ள ஆசிரியர் வெளிவேலை எதற்கும் எழுத்துபூர்வ அனுமதி பெறவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நேர்மையான நிறுவனம் முதலில் உங்களைச் சோதிக்கும். புள்ளித் திட்டத்தைக் கொடுத்து மாதிரித் தாள்களைத் திருத்தச் சொல்லும்; ஏற்கெனவே புள்ளி முடிவான தாள்களை இடையிடையே கலந்து உங்கள் தரத்தைப் பார்க்கும். மோசடிக்காரன் தகுதியைக் கேட்கமாட்டான், பணத்தைக் கேட்பான். முதல் நாள் 30 ரிங்கிட் தந்து நம்பவைப்பான், அடுத்து "கணக்கைத் திறக்க" 300 கேட்பான். அவன் தரும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். semakmule.rmp.gov.my தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே புகார் இல்லை என்பதாலேயே அவன் நல்லவன் ஆகிவிடமாட்டான். நேற்றுத் திறந்த கணக்கு அதில் இராது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே 997-ஐ அழையுங்கள், பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். பணம் வேறு கணக்குக்குத் தாவுமுன் தடுக்க வேண்டும்.

உண்மையான நிறுவனம் கூலியை இழுத்தடித்தால் வழி வேறு. நீங்கள் ஊழியர் என்றால் தொழிலாளர் துறையை நாடலாம். ஒப்பந்த வேலை என்றால் 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். அதற்கு எதிர்த்தரப்பின் உள்நாட்டு முகவரியும், வேலை ஒப்புக்கொண்ட செய்திகளும், திருத்திய தாள்களின் கணக்கும் வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின்மீது இந்த வழி அநேகமாகப் பயன்படாது. ஆகவே அப்படிப்பட்டவர்களிடம் மாதக் கணக்கு வைக்காதீர்கள். வாரக்கூலி கைக்கு வந்தபிறகு அடுத்த கட்டுத் தாளைத் திறங்கள்.