140 சர்வீஸ், 3 இன்ஜினீயர்

சான் பிரான்சிஸ்கோவில் செக்மென்ட் என்றொரு நிறுவனம். ஓர் இணையதளத்துக்கு வருகிறவர் எதைப் பார்த்தார், எதை வாங்கினார் என்ற தகவல்களைத் திரட்டி, தளத்தின் உரிமையாளர் கேட்கிற இடங்களுக்கு அனுப்பிவைப்பது அதன் தொழில். கூகுள் அனலிட்டிக்ஸ் அப்படி ஓர் இடம். 2018-ல் இந்த நிறுவனத்தின் இன்ஜினீயர் ஒருவர் எழுதிய கட்டுரை மென்பொருள்காரர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 140-க்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து ஓட்டிக்கொண்டிருந்த மென்பொருளை மறுபடி ஒன்றாக்கிவிட்டோம் என்பதுதான் அதன் செய்தி.

மென்பொருளின் எல்லாப் பகுதிகளும் ஒரே நிரலாக, ஒரே புரோகிராமாக ஓடினால் அது மோனோலித். ஆர்டருக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒன்று என்று தனித்தனிப் புரோகிராம்களாக ஓடி, நெட்வொர்க் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் மைக்ரோசர்வீஸ். இரண்டாவது வகை 2014-ஐ ஒட்டிப் பரவலாகப் பேசப்பட்டது. நெட்ஃபிளிக்ஸும் அமேசானும் அப்படித்தான் செய்கின்றன என்று கேள்விப்பட்டு, ஐந்து பேர் உள்ள ஸ்டார்ட்-அப்புகளும் அந்த வழியில் இறங்கின.

செக்மென்ட் பிரித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. எல்லாத் தகவலும் ஒரே வரிசையில் நின்று வெளியே போயின. ஏதாவது ஓர் இடம் தகவலை வாங்கிக்கொள்ளத் திணறினால், அதற்குரியவை மறுபடி மறுபடி அனுப்பப்பட்டு வரிசையை அடைத்துக்கொண்டன. ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் கைரேகை விழாதபோது பின்னால் நிற்கும் எல்லோரும் காத்திருப்பதைப் போல, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மற்ற இடங்களுக்கும் தகவல் தாமதமானது. எனவே ஒவ்வோர் இடத்துக்கும் தனி வரிசையும் தனி சர்வீஸும் அமைத்தார்கள். அடைப்பு நீங்கியது.

தொல்லை டிப்ளாய்மென்டில், அதாவது மாற்றிய நிரலைச் சர்வரில் ஏற்றும் வேலையில், தலைகாட்டியது. எல்லாச் சர்வீஸ்களுக்கும் பொதுவான சில நிரல்கள் இருந்தன. அவற்றில் ஒரு வரியை மாற்றினாலும் 100-க்கு மேற்பட்ட சர்வீஸ்களைச் சோதித்து ஏற்ற வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? அவசரப்பட்ட சர்வீஸில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றினார்கள்; மற்றவை பழையதிலேயே நின்றன. நாளடைவில் எந்தச் சர்வீஸில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதே குழப்பமானது. மூன்று இன்ஜினீயர்களின் நேரத்தில் பெரும்பகுதி, இருப்பதை விழாமல் தாங்கிப் பிடிப்பதிலேயே கழிந்தது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. அடைத்துக்கொண்டது வரிசை. பிரிக்க வேண்டியதும் வரிசையைத்தான். நிரலையும் சேர்த்து வெட்டியதில்தான் வேலை பெருகியது. திரும்பி வந்தபோது செக்மென்ட் செய்ததும் இதைத்தான்: வரிசைப் பிரச்சினைக்கென்று ஒரு தனி ஏற்பாட்டைக் கட்டிக்கொண்டு, இடங்களுக்கு அனுப்பும் நிரல்களை ஒரே சர்வீஸில் சேர்த்தது. சிறு குழுவுக்கு இது நேரடியாகப் பயன்படும். நிரல் ஒன்றாகவே இருக்கட்டும். அதையே ஒரு சர்வரில் தளத்தைக் காட்டுவதற்கும், இன்னொன்றில் மெயில், பில் போன்ற மெதுவான வேலைகளை வரிசையிலிருந்து எடுத்துச் செய்வதற்கும் ஓடவிடலாம். மெயில் சர்வர் முரண்டு பிடித்தால் மெயில் வரிசை மட்டும்தான் நிற்கும்.

பிழை கண்டுபிடிப்பதில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். இணையத்தில் சேலை விற்கும் ஐந்து பேர் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆர்டர் ஒரு சர்வீஸ், ஸ்டாக் ஒரு சர்வீஸ். இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். கடையில் இரண்டு சேலை மீதி இருக்கிறது. தளமோ ‘விற்றுத் தீர்ந்தது’ என்கிறது. ஆர்டர் எதுவும் பதிவாகவில்லை. இரண்டு சர்வீஸ்களின் லாக்குகளையும் தேடியெடுத்து நேரப்படி அடுக்கினால் இப்படித் தெரிகிறது:

```
order  10:02:12  POST /reserve  id=5817
order  10:02:14  timeout, retry
stock  10:02:15  reserved 1, left 1
order  10:02:16  timeout, order failed
stock  10:02:17  reserved 1, left 0
```

ஆர்டர் சர்வீஸ் பதிலுக்கு இரண்டு விநாடிதான் காத்திருக்கும். அன்று ஸ்டாக் சர்வீஸ் மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. பதில் வராததால் வேலை நடக்கவில்லை என்று எண்ணி ஆர்டர் சர்வீஸ் மறுபடி கேட்டது, பிறகு கைவிட்டது. ஸ்டாக் சர்வீஸோ இரண்டு முறையும் சேலையை ஒதுக்கிவிட்டது. இரண்டு நிரலிலும் பிழை என்று விரல் வைக்க ஒரு வரி கிடையாது. இதைச் சரிசெய்ய, ஒரே எண்ணில் வரும் இரண்டாவது கோரிக்கையை ஸ்டாக் சர்வீஸ் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். கைவிட்ட ஆர்டரின் சேலையைத் திருப்பிச் சேர்க்க இன்னொரு நிரல் எழுத வேண்டும். லாக்குகள் எல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும்.

மோனோலித்தில், இரண்டும் ஒரே டேட்டாபேஸில் இருந்தால், ஸ்டாக்கைக் குறைப்பதையும் ஆர்டரைப் பதிவதையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதிவிடலாம். நடுவில் எது தவறினாலும் டேட்டாபேஸே இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். பணம் செலுத்தும் நிறுவனத்தோடு பேசும்போது இந்தத் தொல்லை எப்படியும் உண்டு, ஏனென்றால் அது வெளியார். நம் வீட்டுக்குள்ளேயே இரண்டு நிரல்களுக்கு நடுவில் அதை ஏன் நாமே வரவழைத்துக்கொள்ள வேண்டும்?

செலவு விஷயத்துக்கு அமேசானே சாட்சி. பிரைம் வீடியோவில், ஒளிபரப்பாகும் படம் உறைகிறதா, ஒலி பிசகுகிறதா என்று கண்காணிக்கும் ஒரு கருவி பல துண்டுகளாகக் கட்டப்பட்டிருந்தது. படச்சட்டங்களை ஒரு துண்டு சேமிப்பகத்தில் வைக்கும், இன்னொரு துண்டு எடுத்துப் பார்க்கும். வைப்பதற்கும் எடுப்பதற்கும் தனித்தனிக் கட்டணம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகவும் கட்டணம். எல்லாவற்றையும் ஒரே புரோகிராமுக்குள் கொண்டுவந்ததும் சட்டங்கள் நினைவகத்துக்குள்ளேயே கைமாறின. செலவு 90 சதவீதம் குறைந்ததாக 2023-ல் அந்தக் குழு அறிவித்தது. பிரைம் வீடியோ முழுவதுமே மாறிவிட்டதாக அப்போது பரவியது மிகை. மாறியது அந்த ஒரு கருவிதான்.

சிறு குழுவின் செலவு வேறு விதத்தில் ஏறும். ஒரு சர்வீஸ் விழுந்தால் தாங்க இன்னொரு பிரதி வேண்டும். சோதனைக்கென்று தனியாக ஒரு செட் வேண்டும். எட்டு சர்வீஸ் என்றால் 32 பிரதிகள். மோனோலித்துக்கு 4. ஒவ்வொரு பிரதியும், வாடிக்கையாளர் யாரும் வராத இரவு மூன்று மணிக்கும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

மோனோலித்துக்குக் குறையே இல்லை என்பதல்ல. ஓர் இடத்துக்கான நிரலில் பிழை வந்து சர்வீஸ் விழுந்தால் எல்லா இடங்களும் சேர்ந்து விழும் என்பதை செக்மென்டே ஒப்புக்கொண்டது. வீடியோவை மாற்றியமைப்பது போல வேறு வகை இயந்திரம் கேட்கிற வேலை இருந்தால், அந்த ஒன்றைத் தனியே பிரிக்கலாம். ஒரு குழு தன் மாற்றத்தை ஏற்ற இன்னொரு குழு முடிக்கும்வரை நாள்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்தாலும் பிரிக்கலாம். ஐந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டாவது நிலை வராது.

எனவே உங்கள் ஸ்டார்ட்-அப்பில் யாராவது மைக்ரோசர்வீஸுக்கு மாறலாம் என்றால், எந்தப் பகுதியை, எந்தத் தொல்லைக்காகப் பிரிக்கிறோம் என்று கேளுங்கள். ஒரு பகுதியின் பெயரும் ஒரு தொல்லையின் பெயரும் பதிலாக வந்தால் அந்த ஒன்றை மட்டும் பிரியுங்கள். வராவிட்டால் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்.