நிறுத்தியவளை எட்டிப்பிடிக்க முடியாத அண்ணன்

பிளஸ் ஒன் வணிகவியல் வகுப்பு, மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. பேச வந்தவர் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் இரண்டு பெயர்களை எழுதினார்: மலர், குமரன். இரட்டைப் பிள்ளைகள், பிறந்தநாள் ஒன்றே.

மலர் தன் 20வது பிறந்தநாளில் 12,000 ரூபாய் போடுகிறாள். அதாவது மாதத்துக்கு ஆயிரம். 29வது பிறந்தநாள் வரை பத்து முறை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். ஆனால் போட்டதில் கை வைப்பதில்லை. குமரன் 30ல்தான் விழித்துக்கொள்கிறான். அதே 12,000த்தை 59 வயது வரை 30 முறை போடுகிறான். மலரின் கைப்பணம் 1,20,000, குமரனுடையது 3,60,000. வட்டி இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீதம், கூட்டு வட்டி. 60 வயதில் யாரிடம் அதிகம் இருக்கும்?

ஏறக்குறைய எல்லாக் கைகளும் குமரனுக்கே உயர்ந்தன. மூன்று மடங்கு போட்டிருக்கிறானே!

இந்த இடத்தில் விடையை மட்டும் சொல்லி வியக்க வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவர் அவசரப்படவில்லை. 30வது பிறந்தநாள் காலையில் மட்டும் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அன்று மலரின் கணக்கில் சுமார் 1,87,700 ரூபாய் இருக்கிறது. அடுத்த ஓராண்டில் அதற்கு வரும் வட்டி 15,020. குமரன் தன் முதல் 12,000த்தைப் போடுகிறான். ஆண்டு முடிவில் அது 12,960. உழைத்துச் சேர்த்துப் போட்டவனின் கணக்கு வளர்ந்ததைவிட, சும்மா இருந்தவளின் கணக்கு அதிகம் வளர்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டு இடைவெளி இன்னும் கூடுகிறது. அப்புறம் எங்கே பிடிப்பது? 60ல் மலரிடம் 18.89 லட்சம், குமரனிடம் 14.68 லட்சம்.

கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்தாள். "சார், வட்டி 6 பர்சென்டா இருந்தா?"

அன்றைய கூட்டத்தின் நல்ல கேள்வி அதுதான். அவரும் நழுவாமல் கணக்கைப் போட்டுக் காட்டினார். 6 சதவீதத்தில், 30 வயதில் மலரிடம் 1,67,660 ரூபாய்தான் இருக்கும். அதற்கு ஆண்டு வட்டி 10,060. குமரன் போடும் 12,000த்தைவிட இது குறைவு. அதனால் அவன் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, 57 வயதில் தங்கையைத் தாண்டிவிடுகிறான். 60ல் அவனிடம் 10.06 லட்சம், அவளிடம் 9.63 லட்சம்.

ஆக, "முன்னால் தொடங்கினால் போதும்" என்பது அரை உண்மைதான். இந்தக் கணக்கில் வெற்றி மாறும் எல்லை சுமார் 6.3 சதவீதம். 7.2 சதவீதத்தைத் தொட்டால் பணம் பத்தாண்டில் இரட்டிக்கும். அப்போது மலரின் வட்டியே குமரனின் தவணைக்கு ஈடாகிவிடும். அதற்கு மேலே போனால் அவன் எத்தனை ஆண்டு போட்டாலும் எட்டமாட்டான்.

வரியை மறந்துவிட்டாலும் இதே வழுக்கல்தான். 8 சதவீத வங்கி வைப்புக்கு 30 சதவீத வரி கட்டுகிறவர் கையில் மிஞ்சுவது 5.6, அங்கே குமரனே ஜெயிக்கிறான். பி.பி.எஃப். கணக்கின் வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், வரியும் கிடையாது. அந்த விகிதம் அப்படியே நீடித்தால் மலர் முந்துகிறாள். 40 ஆண்டு நீடிக்குமா என்றால், அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

விலைவாசியையும் அவர் விட்டுவிடவில்லை. அது ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், மலரின் 18.89 லட்சத்துக்கு 40 ஆண்டு கழித்துக் கிடைக்கிற பொருள், இன்று சுமார் 2.7 லட்சத்துக்குக் கிடைப்பதுதான். பின்வரிசையில் சிலர் "ப்ச்" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

குமரன்மேல் இரக்கப்பட்ட ஒரு பையன், "அவன் என்னதான் சார் செய்யணும்?" என்று கேட்டான். பதில் எனக்கே புதிது. 8 சதவீதத்தில் குமரன் மாதம் ஆயிரத்துக்குப் பதில் 1,300 வீதம் போட்டாலே மலரைத் தாண்டிவிடுவான். பத்தாண்டுத் தாமதத்துக்கு அபராதம் மாதம் 300 ரூபாய், ஆனால் 30 ஆண்டுகளுக்கு. முப்பது வயதுச் சம்பளத்தில் அந்த 300, இருபது வயதில் ஆயிரம் எடுத்து வைப்பதைவிட எளிதாகவும் இருக்கலாம்.

மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்த பிறகு வணிகவியல் ஆசிரியை மேசைக்கு வந்தார்.

"சார், நாப்பதுல ஆரம்பிச்சா?"

அவர் சாக்பீஸை எடுத்தார். 20 தவணை, 8 சதவீதம், இலக்கு அதே 18.89 லட்சம். மாதம் சுமார் 3,190 ரூபாய் என்று வந்தது. ஆசிரியை அந்த எண்ணைத் தன் வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார்.