யாழினியை அயல்நாட்டு மேடையில் எப்படி அழைப்பார்கள்?

கமலா ஹாரிஸ் 2019-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் முன்னுரையிலேயே தன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று விளக்கிவிடுகிறார். comma என்ற நிறுத்தற்குறியின் பெயரோடு ‘லா’ சேர்த்துச் சொன்னால் சரி என்பது அவர் தரும் குறிப்பு. 2024 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவருடைய உறவுக்காரச் சிறுமிகள் மேடையேறி, அரங்கின் ஒரு பாதியை முதல் பகுதியையும் மறு பாதியை ‘லா’வையும் சொல்லவைத்துப் பாடமே எடுத்தார்கள்.

அந்தக் குறிப்பு அமெரிக்காவில் நன்றாக வேலை செய்கிறது. அங்கே comma என்பதைக் ‘காமா’ என்றுதான் சொல்வார்கள். அதையே லண்டன்காரர் படித்தால் ‘கொமா’ என்பார். பெயர் ‘கொமலா’ ஆகிவிடும். சென்னையில் பிறந்த அவருடைய தாய் சியாமளாவின் ஊரிலோ அந்தப் பெயர் குறில் ‘க’வில் தொடங்கும் கமலா. உச்சரிப்புக் குறிப்பு எழுதுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது: படிக்கப்போகிறவர் எந்த ஊர் ஆங்கிலம் பேசுகிறவர்?

கருத்தரங்குக்கோ ஆய்விதழுக்கோ அனுப்பும் அறிமுகக் குறிப்பில் நம் பெயர் இரண்டு வேலை செய்தாக வேண்டும். ஆளை அடையாளம் காட்ட வேண்டும். வாயிலும் சரியாக வர வேண்டும். இரண்டையும் எழுத்துக்கூட்டலை வைத்தே சாதிக்கப் பார்ப்பதால்தான் சிக்கல் வருகிறது. எழுத்துக்கூட்டலைத் தொடாதீர்கள், ஒலிக்குத் தனியாகக் குறிப்பு எழுதுங்கள் என்பதே என் கட்சி.

யாழினி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம்; தந்தை பெயர் கதிரவன். கடவுச்சீட்டில் Yazhini Kathiravan என்று இருக்கிறது. ழகரத்துக்கு zh போடுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். ஆனால் ஆங்கிலம் படித்தவர்களுக்கு zh வேறொன்றைச் சொல்கிறது. measure, vision ஆகிய சொற்களின் நடுவே வரும் ஒலியைக் காட்ட அமெரிக்க அகராதிகள் இதே zh-ஐத்தான் பயன்படுத்துகின்றன. டாக்டர் ஷிவாகோ நாவலின் பெயரிலும் அந்த எழுத்துகளே. ஆகவே படித்த வெளிநாட்டவர் தயங்காமல், முழு நம்பிக்கையோடு ‘யஷீனி’ என்கிற மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்வார். நடு அசையில் அழுத்தமும் விழும். முதல் நெடில் குறுகிப்போகும்.

சரி, நூலகங்களும் ஆய்வாளர்களும் கையாளும் ஐஎஸ்ஓ 15919 முறைக்குப் போகலாமா? அதில் யாழினி Yāḻiṉi ஆகிறாள். தமிழ் எழுத்தைப் பிசகாமல் மீட்டெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் பெயருக்கு A முதல் Z வரையிலான எழுத்துகளே செல்லும். பல இணையப் படிவங்களும் மேல்கோடு கீழ்க்கோடுகளை உதிர்த்துவிடும். மிஞ்சுவது Yalini. ஒலிக்காக Yarini என்று மாற்றினாலோ மூன்றாவது பெயர் பிறந்துவிடும். ஒரே ஆளின் கட்டுரைகள் தேடுபொறியில் இரண்டு மூன்று பேருடையவையாகச் சிதறும். பயணச்சீட்டிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒத்துப்போகாது. முன்பே வேறு எழுத்துக்கூட்டலில் கட்டுரை வந்திருந்தால், ORCID கணக்கில் மாற்றுப்பெயர்களைச் சேர்க்க இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு, இனி ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

இனி ஒலிக்கு வருவோம். ழகரத்தை ஆங்கிலத்தில் எதனால் காட்டுவது? அயலார் காது இதை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறது. தமிழ் என்பது Tamil ஆனபோது ழகரம் l ஆயிற்று. சோழமண்டலம் Coromandel ஆனபோது r ஆயிற்று. இரண்டிலும் நியாயம் உண்டு. நாக்கை மேலே வளைத்து, எங்கும் ஒட்டாமல் விடும் ழகரத்துக்கு அமெரிக்கர்களின் r நெருங்கிய உறவு. அவர்களிடம் YAH-rih-nee என்று கொடுத்தால் காதுக்கு இதமாகவே வரும். ஸ்பானியரோ ஜெர்மானியரோ அதையே படித்தால் அவர்களுடைய ரகரம் வந்து உட்கார்ந்துவிடும். YAH-lih-nee என்பது பல மொழிக்காரர்களுக்கும் பொதுவாகக் கைகொடுக்கும். தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதும் இயல்புதானே. வீட்டில் அம்மா எப்படிக் கூப்பிடுகிறாரோ அதற்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். இலக்கணப்படி ழகரமே வேண்டும் என்று நினைப்பவர் குரல்பதிவைத்தான் நம்ப வேண்டும்; எழுத்தில் அது முழுமையாக வராது.

பெரிய எழுத்தில் இருக்கும் YAH, அழுத்தம் எங்கே என்பதைக் காட்டுகிறது. தமிழில் அழுத்தம் இந்த அளவுக்குத் தூக்கலாக இராது. ஆனால் நாம் சொல்லாவிட்டால் ஆங்கிலம் பேசுகிறவர் தானே ஓர் இடத்தில் அழுத்தத்தைப் போட்டுக்கொள்வார்.

கதிரவனில் தொல்லை th. நமக்கு அது தகரம். அவர்களுக்கு think என்பதன் முதல் ஒலி. குறிப்பில் dh என்று போட்டால் பெரும்பாலும் d என்று சொல்வார்கள், அது பரவாயில்லை. குறில் அகரத்துக்கு a வேண்டாம். Cat, cake, father மூன்றிலும் a மூன்று விதமாக ஒலிக்கிறது. uh என்று எழுதினால் cup என்பதன் உயிரொலி கிடைக்கும். இப்படிச் சேர்த்தால் அறிமுகம் இவ்வாறு தொடங்கும்:

```
Dr. Yazhini Kathiravan (YAH-rih-nee KUH-dhi-ruh-vun)
studies groundwater in coastal villages. Yazhini began
her fieldwork in Nagapattinam.
```

இரண்டாம் வாக்கியத்தில் Yazhini என்று மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். அப்படி எழுதாவிட்டால் அடுத்த வரியிலிருந்து அவர் டாக்டர் கதிரவன் ஆகிவிடுவார். அழைப்பு தந்தைக்குப் போகும். சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை உலகம் ராமகிருஷ்ணன் என்றே குறிக்கிறது. அது அவருடைய தந்தையின் பெயர். நெருங்கியவர்களுக்கு அவர் வெங்கி. தன் பெயராலேயே அழைக்கப்பட விரும்புகிறவர் இரண்டாம் வாக்கியத்தில் அதை நிலைநாட்டிவிட்டால், அறிமுகத்தைச் சுருக்குகிறவரும் அதையே பின்பற்றுவார்.

குறிப்பைச் சோதிக்க, உங்கள் பெயரை இதுவரை கேட்டிராத ஒருவர் வேண்டும். அலுவலக நண்பர் உதவமாட்டார். அவர் ஞாபகத்திலிருந்து சொல்லிவிடுவார். புதியவரிடம் தாளை நீட்டி, நீங்கள் வாயைத் திறக்காமல், ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த அசையில் தடுக்குகிறாரோ அந்த எழுத்தை மட்டும் மாற்றி, இன்னொருவரிடம் கொடுங்கள். KUH-dhi-ruh-vun போல நான்கு அசை வந்தாலே பலருக்கு மூச்சு முட்டும். அப்போது தந்தை பெயருக்கான குறிப்பை விட்டுவிட்டு, உங்களை அழைக்கும் பெயருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இடம் போதாதபோது பதிப்பாசிரியர்கள் முதலில் வெட்டுவது அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான். அதனால் நிகழ்ச்சியை நடத்துகிறவருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் அதே வரியை ஒட்டிவிடுங்கள். லிங்க்ட்இன் தளத்தில் பத்து விநாடிக்குள் பெயரைச் சொல்லிப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. முதலில் பேச்சு வேகத்தில் ஒருமுறை, பிறகு அசை பிரித்து மெதுவாக ஒருமுறை சொல்ல அந்த நேரம் தாராளம்.